வாட்ச் காட்டும் கலோரியும் ஹார்ட் ரேட் ஜோனும்: எதை நம்புவது, எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு மணி நேரம் நடந்து முடித்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினால் "423 கலோரி" என்கிறது வாட்ச். அதற்குக் கீழே "ஜோன் 3: 38 நிமிடம்" என்று இன்னொரு வரி. இரண்டும் ஒரே திரையில், ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு வருவதால் இரண்டையும் வாட்ச் அளந்து சொல்கிறது என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் அது அளந்தது துடிப்பை மட்டும்தான். ஜோன் என்பது அந்தத் துடிப்பை ஒரு சூத்திரத்தோடு ஒப்பிட்டு வைத்த பெயர். கலோரியோ முழுக்க முழுக்க ஊகம்.

புதிதாக வாட்ச் அல்லது ஃபிட்னஸ் பேண்ட் வாங்கியவர்கள் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை. ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு கடைசி வரை கணக்குப் போடுவோம்: வயது 35, எடை 68 கிலோ, உயரம் 162 செ.மீ., ஓய்வில் இருக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 68, பெண். தினமும் 5 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்தில் நடக்கிறார். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில்: வாட்ச் எதை அளக்கிறது?

வாட்சின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறைகிறது. அதனால் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்குகிறது. பக்கத்திலேயே இருக்கும் சென்சார் இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித் துடிப்பாக மாற்றுகிறது. கை ஆடும்போதும் ஒளி ஏறி இறங்கும் என்பதால், அசைவை அளக்கும் இன்னொரு சென்சாரின் உதவியோடு அந்த ஆட்டத்தைக் கழித்துவிடப் பார்க்கிறது.

கலோரிக்கு இப்படி எந்தச் சென்சாரும் கிடையாது. உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தது என்று சரியாக அறிய, மூச்சில் போகும் ஆக்சிஜனையும் வரும் கார்பன் டை ஆக்சைடையும் முகமூடி மாட்டி அளக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி என்பது கணக்கு. (பேச்சுவழக்கில் கலோரி என்று சொல்வது கிலோகலோரியைத்தான், இங்கேயும் அப்படியே.) வாட்சிடம் முகமூடி இல்லை. உங்கள் வயது, எடை, பாலினம், துடிப்பு, அசைவு இவற்றை வைத்து "இப்படிப்பட்டவர்களுக்குச் சராசரியாக இவ்வளவு இருக்கும்" என்று ஒரு எண்ணைத் தருகிறது.

இதன் விளைவை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். 60 பேருக்கு ஏழு வகை வாட்சுகளையும் பேண்டுகளையும் கட்டி நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அந்த மாடல்கள் இப்போது பழசாகிவிட்டன, சென்சார்கள் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் கலோரியை அளக்காமல் ஊகிக்கும் முறை மாறவில்லை என்பதால், புது மாடலிலும் இந்த இடைவெளி மூடிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது: துடிப்பு சரியாக வருகிறதா என்று பாருங்கள்

மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது, அதனால் இதிலிருந்து தொடங்குவோம். வாட்சை மணிக்கட்டு எலும்பின் மேல் கட்டாமல், அதிலிருந்து முழங்கைப் பக்கமாக ஓரிரு விரல் தள்ளிக் கட்டுங்கள். உடற்பயிற்சியின்போது மட்டும் பட்டையை ஒரு துளை இறுக்கலாம். கையை ஆட்டினால் வாட்ச் தோலோடு சேர்ந்து நகர வேண்டும், தனியாக வழுக்கக் கூடாது. முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். மணிக்கட்டில் அடர்த்தியான பச்சை குத்தியிருந்தால் அந்த மை ஒளியை மறைக்கும். மறு கைக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், நடக்கத் தொடங்கும் முன் அந்தப் பயிற்சிக்கான மோடை ஆன் செய்யுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, சாதாரண நேரத்தில் பல வாட்சுகள் துடிப்பை விட்டுவிட்டுத்தான் பார்க்கும். பயிற்சி மோடில்தான் தொடர்ந்து கவனிக்கும்.

இனி சோதனை. பத்து நிமிடம் ஒரே வேகத்தில் நடந்துவிட்டு நில்லுங்கள். வாட்ச் காட்டும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, உடனே தாடைக்குக் கீழே கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு விரல்களை லேசாக வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றதுமே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும் என்பதால் ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால் கணக்கு தப்பும். ஒரு துடிப்பு விட்டுப்போனாலே நான்கு குறையும் முறை இது. அதனால் இரண்டுக்கும் ஐந்தாறு வித்தியாசம் இருந்தால் சரி என்றே வைத்துக்கொள்ளலாம். இருபது முப்பது வித்தியாசம் வந்தால் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலும் அந்த விஷயம் இதுதான்: வாட்ச் உங்கள் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கியிருக்கும். காலடி விழும் தாளமும் துடிப்பின் தாளமும் அருகருகே இருந்தால், எது எது என்று சென்சாருக்குக் குழம்பிவிடுகிறது. ஓடுபவர்களின் காலடி நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை இருக்கும். மெதுவாக ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்திலேயே வரைபடம் செங்குத்தாக 170க்கு ஏறி, மேசை போல அப்படியே நின்றிருந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் காலடியைத்தான். இதயம் அப்படி ஏறாது. வளைவாக ஏறும், ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல நிற்காது.

நடப்பவர்களுக்கு இது இன்னும் தந்திரமானது. நம் நடைக்காரர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகும்போது காலடி ஏறக்குறைய 110, துடிப்பும் ஏறக்குறைய 110. தவறு நடந்தாலும் எண் நியாயமாகவே தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு மேடோ படிக்கட்டோ ஏறுங்கள். ஏறும்போது காலடி குறையும், துடிப்பு கூடும். வாட்சும் கூடியதாகக் காட்டினால் அது பார்ப்பது இதயத்தைத்தான். குளிரில் கை விறைத்திருந்தாலும் தோலுக்கு ரத்தம் குறைந்து இதே குழப்பம் வரும். முதல் பத்து நிமிடம் உடல் சூடான பிறகு பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

எடை தூக்கும்போதும், சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பிடிக்கும்போதும் மணிக்கட்டுத் தசைகள் முறுக்கிக்கொள்வதால் எண் அதிகம் தடுமாறும். அந்தப் பயிற்சிகள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் மார்பில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை ஒன்று வாங்குவது நல்லது. அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின் சமிக்ஞையைப் பிடிக்கிறது. கட்டும் முன் உள்பக்கத்தை ஈரமாக்க மறந்தால் அதுவும் உளறும்.

மூன்றாவது: ஜோன் எங்கிருந்து வருகிறது?

பல வாட்சுகள் உங்கள் வயதை 220இலிருந்து கழித்து, அதை உங்கள் அதிகபட்சத் துடிப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. பிறகு அதை ஐந்து பங்காகப் பிரிக்கின்றன. 50 முதல் 60 சதவீதம் வரை ஜோன் 1, 70 வரை ஜோன் 2, 80 வரை ஜோன் 3, இப்படி. நம் நடைக்காரருக்கு 220இல் 35 போனால் 185.

இந்த 185 ஒரு சராசரி மட்டுமே. 35 வயதுக்காரர்கள் நிறையப் பேரைச் சேர்த்தால் நடுவில் வரும் எண். தனி மனிதர்கள் இதிலிருந்து மேலும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு விலகியிருப்பது மிகச் சாதாரணம். இருபது விலகியவர்களும் இருக்கிறார்கள். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் 2001ஆம் ஆண்டுச் சூத்திரம் வயதானவர்களுக்குக் கொஞ்சம் பொருத்தமானது. 35 வயதில் அதுவும் 183.5 என்றே சொல்லும். எந்தச் சூத்திரமும் ஆளை ஆளாகப் பிரித்துச் சொல்லாது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. ஜோனைக் கணக்கிட இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, மேலே சொன்னபடி அதிகபட்சத்தின் சதவீதம். இன்னொன்று, ஓய்வுத் துடிப்பைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பதில் சதவீதம் பார்ப்பது. இதற்கு ஹார்ட் ரேட் ரிசர்வ் என்று பெயர்; கார்வோனன் முறை என்றும் சொல்வார்கள். நம் நடைக்காரரின் துடிப்பு 135 என்று வையுங்கள். முதல் முறையில் 185இல் 135 என்பது 73 சதவீதம், ஆக ஜோன் 3. இரண்டாவது முறையில் 185இல் 68 போனால் 117; 135இல் 68 போனால் 67; 117இல் 67 என்பது 57 சதவீதம், ஆக ஜோன் 1. அதே ஆள், அதே நொடி, அதே இதயம். ஒரு வாட்ச் "மெதுவாகப் போ" என்கிறது, இன்னொன்று "இன்னும் சூடாகவே இல்லை" என்கிறது.

அதனால் "ஜோன் 2இல் 45 நிமிடம் போ" என்று யாராவது சொன்னால், எந்த முறையின் ஜோன் 2 என்று கேட்காமல் அந்த அறிவுரைக்கு அர்த்தமே இல்லை. உங்கள் ஆப்பின் அமைப்புகளில் ஹார்ட் ரேட் ஜோன் என்ற பகுதியைத் திறந்து, அது எந்த முறை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காவது: உங்கள் ஜோனை நீங்களே போடுங்கள்

அதிகபட்சத் துடிப்பை நேரடியாகக் கண்டுபிடிக்க மூச்சு முட்ட ஓட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது தேவையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு எல்லை: சுலபமான பயிற்சி எங்கே முடிகிறது? அதைப் பேச்சு காட்டிக்கொடுக்கும்.

சமதளத்தில் அல்லது டிரெட்மில்லில் பத்து நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒவ்வொரு படியின் கடைசி அரை நிமிடத்திலும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பத்தியை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்தான். வாக்கியங்களை முழுசாக, இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வரை துடிப்பைக் குறித்துக்கொண்டே போங்கள். நம் நடைக்காரருக்கு முதல் படியில் 119, அடுத்து 128, அடுத்து 136. இதுவரை பேச்சு தடையில்லாமல் வந்தது. 143இல் வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்காக நிற்க வேண்டியிருந்தது. அப்படியானால் அவருடைய சுலபமான எல்லை 136க்குப் பக்கத்தில். இன்னொரு நாள் இதையே திரும்பச் செய்து, இரண்டு நாளும் நான்கைந்து துடிப்புக்குள் ஒத்துப்போனால் அந்த எண்ணையே ஜோன் 2இன் மேல் எல்லையாக ஆப்பில் கையால் பதியுங்கள். பெரும்பாலான ஆப்களில் இதற்கு வசதி இருக்கிறது.

வாட்சின் பழைய கணக்கில் அவருடைய ஜோன் 2 எல்லை 185இன் 70 சதவீதம், அதாவது 130. மாற்றாமல் விட்டிருந்தால், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்திலேயே வாட்ச் அதிர்ந்து அவரை நிறுத்தியிருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த "ஜோன் 3: 38 நிமிடம்" மாதிரியான வரிகள் பலருக்கும் இப்படித்தான் வருகின்றன.

இதில் சில எல்லைகள் உண்டு. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கம்போல மேலே ஏறாது; அவர்களுக்கு வயதுச் சூத்திரமும் அதிலிருந்து வரும் ஜோனும் பொருந்தவே பொருந்தாது. சீரற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு வாட்சின் எண்ணே நம்பகமில்லை. இதய நோய் இருந்தாலோ, நடக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தாலோ இந்தச் சோதனை வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, அரை நிமிடம் வேகமாக ஓடி அரை நிமிடம் நடக்கும் பயிற்சிகளில் ஜோனைப் பார்த்துப் பயனில்லை. இதயம் வேகத்தை எட்டிப்பிடிப்பதற்குள் அந்த அரை நிமிடம் முடிந்துவிடும், வாட்ச் அதற்கும் பின்னால் வரும்.

"ஃபேட் பர்ன்" என்று பெயர் போட்ட ஜோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவான பயிற்சியில் செலவாகும் ஆற்றலில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் 150 கலோரியில் 60 சதவீதம் என்பது 90. 300 கலோரியில் 40 சதவீதம் என்பது 120. பங்கு பெரிதாக இருப்பதும் அளவு பெரிதாக இருப்பதும் ஒன்றல்ல. எடையைத் தீர்மானிப்பது அந்த மணி நேரத்தில் எந்த எரிபொருள் எரிந்தது என்பதல்ல, நாள்கணக்கில் உள்ளே போனதும் வெளியே போனதும்தான். அந்தப் பெயரை நான் கண்டுகொள்வதே இல்லை.

ஐந்தாவது: 423 கலோரியைப் பிரித்துப் பார்ப்போம்

சமதளத்தில் நடப்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது, வாட்சே தேவையில்லை. ஓய்வைவிட அதிகமாகச் செலவாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை கலோரி. ஓட்டத்துக்கு அது ஏறக்குறைய ஒரு கலோரி. நம் நடைக்காரருக்கு 68 கிலோ, 5 கிலோமீட்டர், அரை கலோரி: பெருக்கினால் 170. அந்த ஒரு மணி நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 70 கலோரியையும் சேர்த்தால் 240. வேக நடை, மேடு, மணல் என்றால் இது கூடும். சாதாரண வேகத்தில் சமதளத்துக்கு இது போதும்.

அப்படியானால் 423 எங்கிருந்து வந்தது? வாட்ச் நிறுவனங்கள் தங்கள் சூத்திரங்களை முழுசாக வெளியிடுவதில்லை. ஆனால் துடிப்பிலிருந்து கலோரியை ஊகிக்க 2005இல் வெளியான ஒரு சமன்பாடு பரவலாகப் புழங்குகிறது. பெண்களுக்கான அதன் வடிவம் இது:

```
கலோரி/நிமிடம் = (0.4472 × துடிப்பு − 0.1263 × எடை + 0.074 × வயது − 20.4022) ÷ 4.184
```

வெயிலில் நடந்த அன்றைய துடிப்புக்கு 125, எடைக்கு 68, வயதுக்கு 35 போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7.05, ஒரு மணி நேரத்துக்கு 423. இப்போது குளிர்ந்த காலையில், நன்றாகத் தூங்கி எழுந்து, அதே தூரத்தை அதே வேகத்தில் நடக்கிறார், துடிப்பு 110. கணக்கு 327 என்கிறது. கால்கள் செய்த வேலை இரண்டு நாளும் ஒன்றுதான். கிட்டத்தட்ட நூறு கலோரி வித்தியாசம், வெறும் வெயிலால். வெப்பத்தில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாக அடிக்கிறது. காபி, பதற்றம், தூக்கமின்மை, நீர் குறைவது, காய்ச்சல் எல்லாமே இதைச் செய்யும். நீண்ட நடையில் வேகம் மாறாமலேயே இரண்டாம் பாதியில் துடிப்பு ஏறிக்கொண்டே போவதும் இதனால்தான். துடிப்பு ஏறியதை எல்லாம் சூத்திரம் உழைப்பு என்றே எடுத்துக்கொள்கிறது.

327உம் நம் 240க்கு மேல்தான் இருக்கிறது. இந்த மாதிரிச் சமன்பாடுகள் மூச்சு வாங்கும் அளவு பயிற்சியை வைத்து உருவாக்கப்பட்டவை. மெதுவான நடைக்கு வரும்போது கூட்டிச் சொல்லும் வாய்ப்பு அதிகம். எடை தூக்குவதில் இன்னும் மோசம். தசையை இறுக்கி மூச்சைப் பிடிக்கும்போது துடிப்பு எகிறுகிறது, ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

திரையில் இன்னொரு பொறியும் உண்டு. சில வாட்சுகள் "ஆக்டிவ்", "டோட்டல்" என்று இரண்டு எண்கள் காட்டும். ஆக்டிவ் என்பது ஓய்வுக்கு மேலே செலவானது. டோட்டலில் ஓய்வும் சேர்ந்திருக்கும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று தெரியாமல் அதற்கு ஈடாகச் சாப்பிட்டால், உட்கார்ந்தே செலவாகும் கலோரியை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், 423ஐ நம்பி அதே அளவு கூடுதலாகச் சாப்பிடுகிறவர் உண்மையில் 170 மட்டுமே கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். மிச்சம் 250 தினமும் தங்கும். முப்பது நாளில் 7,500. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்பது பழைய தோராயக் கணக்கு. "தினமும் நடக்கிறேன், எடை ஏறுகிறது" என்று குழம்புபவர்களில் கணிசமானோரின் கதை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கும்.

ஆறாவது: ஐந்து வாரத்தில் உங்கள் வாட்சின் பிழையைக் கண்டுபிடியுங்கள்

வாட்ச் தவறாகச் சொன்னாலும் தினமும் ஒரே மாதிரித் தவறாகச் சொல்கிறது என்றால் அதைத் திருத்திப் பயன்படுத்தலாம். அதற்கு எடை பார்க்கும் மெஷினும் பொறுமையும் போதும்.

ஐந்து வாரம் தினமும் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். தனி நாளின் எடைக்கு மதிப்பில்லை. உப்பும் நீரும் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். வார சராசரியை மட்டும் எடுங்கள். மாதவிடாய் வரும் பெண்களுக்கு நீர் சேர்வதும் சுழற்சியோடு மாறும். முதல் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரத்துக்கு நான்கு வாரம், அதற்குள் ஏறக்குறைய ஒரு முழுச் சுழற்சி வந்துவிடும். முதல் வாரத்தின் சராசரியை ஐந்தாம் வாரத்தின் சராசரியோடு ஒப்பிட்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். சாப்பிடுவதை எழுதி வையுங்கள். வாட்ச் காட்டும் ஒரு நாளின் மொத்தக் கலோரியையும் எழுதி வையுங்கள். அதை இரவிலும் கழற்றாமல் இருந்தால் நல்லது.

நம் நடைக்காரரின் கணக்கு: தினசரி சராசரி உணவு 1,900 கலோரி. முதல் வார சராசரி எடைக்கும் ஐந்தாம் வார சராசரிக்கும் 0.4 கிலோ குறைவு. 0.4ஐ 7,700ஆல் பெருக்கினால் 3,080. 28 நாளுக்குப் பிரித்தால் 110. ஆக அவர் தினமும் செலவழித்தது 1,900 கூட்டல் 110, அதாவது 2,010. வாட்ச் சொன்ன சராசரி 2,350. 2,010ஐ 2,350ஆல் வகுத்தால் 0.855. இனி வாட்ச் காட்டும் நாளின் மொத்தத்தை 0.85ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"சாப்பாட்டைச் சரியாக எழுதியிருப்போமா?" என்று கேட்பீர்கள். எழுதியிருக்க மாட்டீர்கள், பெரும்பாலோர் குறைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் இந்த 0.85க்குள் வாட்சின் பிழையும் உங்கள் கையின் பிழையும் சேர்ந்தே அடங்கியிருக்கிறது. பின்னாலும் அதே பழக்கத்தில் எழுதும் வரை அது வேலை செய்யும். ஐந்து வாரம் கவனமாக எழுதிவிட்டு அதற்குப் பிறகு எண்ணெயை எண்ணாமல் விட்டால் எண் செல்லாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இந்த 0.85ஐ ஒரு தனி நடைக்குப் போடாதீர்கள். 2,350இல் பாதிக்கு மேல் வாட்ச் கட்டாமலேயே தெரியக்கூடியது. வயது, எடை, உயரம், பாலினத்தை வைத்து ஓய்வுச் செலவைக் கணிக்கும் மிஃப்லின் சூத்திரம் நம் நடைக்காரருக்கு ஏறக்குறைய 1,350 என்று சொல்லும். அந்தப் பகுதி ஓரளவு சரியாகவே வரும். பிழை பெரும்பாலும் பயிற்சிப் பகுதியில்தான் குவிந்திருக்கும். நடையின் கலோரி வேண்டும் என்றால் கிலோமீட்டரையும் எடையையும் வைத்துச் சொன்ன அரை கலோரிக் கணக்கே அதைவிட நேர்மையானது.

இனி தினமும் எதைப் பார்ப்பது?

நான் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று, காலை ஓய்வுத் துடிப்பின் வாரப் போக்கு. வழக்கமாக 68 இருப்பது மூன்று நாளாக 75 என்றால் தூக்கமோ உடல்நலமோ எங்கோ இடிக்கிறது. அன்று மெதுவாகப் போங்கள். இரண்டு, அதே பாதையில், அதே வேகத்தில், ஏறக்குறைய அதே வெப்பத்தில் வரும் சராசரித் துடிப்பு. இரண்டு மாதத்தில் அது 125இலிருந்து 117க்கு வந்தால் உடல் தேறுகிறது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், அப்போது வாட்ச் முன்பைவிடக் குறைந்த கலோரியைக் காட்டும். அதைப் பார்த்து மனம் விட வேண்டாம். நடந்த தூரம் அதேதான், எடையும் பெரிதாக மாறாவிட்டால் செலவும் கிட்டத்தட்ட அதேதான்.

எடை மூன்று நான்கு கிலோ மாறினால் ஆப்பில் புது எடையைப் பதியுங்கள். தானாக மாற எடை மெஷினை இணைத்திருக்க வேண்டும், பலரும் வாங்கிய அன்று போட்ட எடையிலேயே விட்டுவிடுகிறார்கள். வேறு வாட்சுக்கு மாறினாலோ, பெரிய அப்டேட் வந்த பிறகு ஒரே மாதிரியான நாள்களின் மொத்தம் திடீரென்று நூறு இருநூறு தள்ளி நின்றாலோ, பழைய 0.85ஐ விட்டுவிட்டு ஐந்து வாரக் கணக்கை மறுபடி போடுங்கள். பேச்சை வைத்துக் கண்டுபிடித்த 136ஐ மட்டும் புது வாட்சிலும் அப்படியே பதியலாம். அது உங்கள் உடலின் எண், வாட்சின் எண் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பச் சோதித்தால் போதும்.